தீர்ப்பு வினைச்சொல்லில் ஒளிந்திருக்கிறது: பள்ளி ஆலோசகரின் அமர்வுக் குறிப்பு பற்றி

கேள்வி: ஒரு தனியார் பள்ளியில் ஆலோசகராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. மாணவரிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெற்று அமர்வை ஒலிப்பதிவு செய்து, பிறகு அதைக் கேட்டு என் தனிப்பட்ட முன்னேற்றக் குறிப்பாகச் சுருக்குகிறேன். படித்துப் பார்த்த மூத்த ஆலோசகர், "இது குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கிறது" என்றார். சோம்பேறி, திமிர், அடம் போன்ற எந்தச் சொல்லையும் நான் எழுதவில்லையே. எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் பெயரடைகளைக் களைந்துவிட்டீர்கள், அது எளிய பாதி. மீதிப் பாதி வினைச்சொற்களிலும், தமிழில் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு ஒட்டுகளிலும் இருக்கிறது. பதினேழு ஆண்டுகளாகப் பள்ளிகளில் ஆலோசகராக இருந்துவருகிறேன். அவற்றில் கடைசி சில ஆண்டுகளாகப் புதியவர்களின் குறிப்புகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையும் சேர்ந்துகொண்டது. அந்தப் பழக்கத்தை வைத்தே எழுதுகிறேன். சட்டத்தைப் பற்றிச் சொல்வதை, அதற்குக் கட்டுப்பட்டு வேலை செய்பவரின் சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வழக்கறிஞர் அல்லர்.

முதலில் வினைச்சொல். மாணவர் ஒன்றைச் சொன்னார் என்பதைக் குறிக்க நம்மிடம் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. ஒப்புக்கொண்டார், காரணம் காட்டினார், மழுப்பினார், சமாளித்தார், குற்றம் சாட்டினார், மறுத்தார் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவை ஒவ்வொன்றும் சொன்னவர் யார் என்பதோடு, அவர் சொன்னதை நாம் நம்பினோமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. 'ஒப்புக்கொண்டார்' என்றால் அங்கே ஏற்கெனவே ஒரு குற்றம் இருக்கிறது. 'காரணம் காட்டினார்' என்றால் அது உண்மைக் காரணம் அல்ல என்று நாம் நினைக்கிறோம். 'மறுத்தார்' என்பது ஆங்கில மருத்துவக் குறிப்புகளிலிருந்து நமக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். 'தற்கொலை எண்ணத்தை மறுத்தார்' என்று எழுதினால், எண்ணம் இருந்தும் மறைக்கிறார் என்ற நிழல் விழுகிறது. 'தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்று கேட்டேன், இல்லை என்றார்' என்று எழுதினால் கேள்வியும் பதிலும் மட்டுமே இருக்கும். என் குறிப்புகளில் சொன்னார், கேட்டார், என்றார், பதில் சொல்லவில்லை என்ற நான்குக்கு மேல் அநேகமாக எதுவும் வருவதில்லை. வறண்ட நடைதான், ஆனால் இந்தக் குறிப்பு நயத்துக்காக எழுதப்படுவதில்லை.

அடுத்தது அந்த ஒட்டுகள். 'தங்கையை இவர்தான் பார்த்துக்கொள்கிறாராம்' என்ற வாக்கியத்தின் கடைசி 'ஆம்' என்ன செய்கிறது என்று பாருங்கள். கேட்டுச் சொல்கிறேன் என்பதற்கு அது இலக்கணப்படி சரியான உருபு, ஆனால் காதுக்கு அது உதட்டைச் சுழிப்பதுபோல் கேட்கிறது. 'வாயே திறக்கவில்லை' என்பதில் உள்ள ஏகாரம், 'போன் வேறு வைத்திருக்கிறார்' என்பதில் உள்ள 'வேறு', 'மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை' என்பதில் உள்ள 'கூட' எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. துணைவினைகளும் அப்படியே. 'சிரித்தார்' என்பதற்கும் 'சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்' என்பதற்கும், 'அழுதார்' என்பதற்கும் 'அழ ஆரம்பித்துவிட்டார்' என்பதற்கும் இடையில் நம் எரிச்சல் ஒளிந்திருக்கலாம். எழுதி முடித்தபின் இந்த ஒட்டுகளை மட்டும் குறிவைத்து ஒருமுறை படியுங்கள். எடுத்தாலும் செய்தி குறையவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். ஒரு தனி வாசிப்புக்கு மூன்று நிமிடம் போதும்.

ஒலிப்பதிவு கையில் இருப்பது இதற்குப் பெரிய உதவி. ஆனால் பலரும் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள்: பதிவை ஓடவிட்டுக்கொண்டே குறிப்பை எழுதுகிறார்கள். நான் செய்வது இது. அமர்வு முடிந்த அன்றே, பதிவைத் தொடாமல், நினைவிலிருந்து ஐந்தாறு வரி எழுதிவிடுவேன். பதிவுக்குக் கண் கிடையாது என்பது முதல் காரணம். மாணவர் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டதும், கதவைப் பார்த்துக்கொண்டே பேசியதும் அதில் இருக்காது. இரண்டாவது காரணம், என் நினைவு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது. பிறகு ஒருமுறை எழுதாமல் கேட்பேன். இரண்டாம் முறை கேட்கும்போது நிமிடக் கணக்கோடு ஒரு தாளில் குறிப்பேன். மாணவர் சொன்னதற்கு 'சொ', நான் பார்த்ததற்கு 'பா', நான் நினைத்ததற்கு 'நி' என்று ஓரத்தில் ஓர் எழுத்து. இந்த மூன்றும் கலந்த வாக்கியத்தில்தான் தீர்ப்பு முளைக்கிறது. 'விரக்தியாகப் பேசினார்' என்பது பார்த்ததுபோல் எழுதப்பட்ட நினைப்பு. என்ன சொன்னார், எந்தக் குரலில் சொன்னார் என்பதே சொன்னதும் பார்த்ததும்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால் தெளிவாகும். ஒரே வகையான பல குறிப்புகளிலிருந்து நான் சேர்த்து அமைத்தது இது, எந்த ஒரு மாணவருடையதும் அல்ல. ஒன்பதாம் வகுப்பு, வயது 14. வகுப்பில் தூங்குகிறார், வீட்டுப்பாடம் செய்வதில்லை, கணக்கு ஆசிரியரை எதிர்த்துப் பேசினார் என்று வகுப்பாசிரியர் அனுப்பிவைக்கிறார். நாற்பது நிமிட அமர்வுக்குப் பின் ஆலோசகர் எழுதிய முதல் வரைவு இப்படி இருக்கிறது:

"மாணவன் தாமதமாக வந்தான். வகுப்பில் தூங்குவதை ஒப்புக்கொண்டான். காலையில் பால் பாக்கெட் போடப் போவதாகக் காரணம் கூறினான். அம்மா இரவு ஷிஃப்ட்டுக்குப் போய்விடுவதால் தங்கையை இவன்தான் பார்த்துக்கொள்கிறானாம். ஆசிரியரை எதிர்த்துப் பேசியது பற்றிக் கேட்டபோது மழுப்பினான். படிப்பில் ஆர்வமே இல்லை. விரக்தியாகப் பேசினான். அறிவுரை வழங்கப்பட்டது."

திட்டும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. இனி பதிவைக் கேட்போம். தாமதம் ஆறு நிமிடம். உள்ளே வந்ததும் மாணவர் சொல்லும் முதல் வாக்கியம், "மிஸ் நோட்டு முடிச்சுட்டுப் போன்னாங்க" என்பது. அதாவது தாமதம் அவருடையது அல்ல. தூக்கம் பற்றி அவராகவே பேசுகிறார். நான்கு மணிக்கு எழுந்து, நாலரை முதல் ஆறேகால் வரை பால் போடுவதாகச் சொல்கிறார். 'ஒப்புக்கொள்ள' அங்கே யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. 'மழுப்பினான்' என்று எழுதிய இடம்தான் முக்கியமானது. ஆலோசகர், "ஏன் எதிர்த்துப் பேசினே?" என்று கேட்கிறார். பதினான்கு விநாடி மௌனம். பிறகு, "எல்லார் முன்னாடியும் பால்காரான்னு கூப்பிட்டாரு" என்கிறார் மாணவர். ஆலோசகர் உடனே, "சரி, அதை விடு. வீட்டுப்பாடம் ஏன் செய்யலே?" என்று போய்விடுகிறார். மழுப்பியது மாணவர் அல்லர், பேச்சைத் திருப்பியது ஆலோசகர். 'ஆர்வமே இல்லை' என்பதும் நிற்கவில்லை. இருபத்திரண்டாவது நிமிடத்திலிருந்து ஏறக்குறைய நான்கு நிமிடம், மாமாவோடு வீட்டு வயரிங் வேலைக்குப் போனதைப் பற்றியும் ஐ.டி.ஐ.யில் சேர விரும்புவதைப் பற்றியும் தடையில்லாமல் பேசுகிறார்.

பதிவைக் கேட்டபின் குறிப்பு இப்படி மாறுகிறது:

"வகுப்பாசிரியர் அனுப்பியது: வகுப்பில் தூக்கம், வீட்டுப்பாடம், ஆசிரியரோடு வாக்குவாதம். மாணவர் ஆறு நிமிடம் தாமதமாக வந்தார், ஆசிரியர் இருக்கச் சொன்னதாகச் சொன்னார். காலை 4 மணிக்கு எழுந்து 4.30 முதல் 6.15 வரை பால் பாக்கெட் போடுவதாகவும், அம்மாவுக்கு இரவு வேலை உள்ள நாட்களில் தங்கையைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். வாக்குவாதம் பற்றிக் கேட்டேன். சற்று நேர மௌனத்துக்குப் பின், வகுப்பின் முன் 'பால்காரா' என்று அழைக்கப்பட்டதாகச் சொன்னார். நான் அதைத் தொடர்ந்து கேட்கவில்லை, அடுத்த அமர்வில் கேட்க வேண்டும். வயரிங் வேலை, ஐ.டி.ஐ. பற்றி ஏறக்குறைய நான்கு நிமிடம், நீண்ட வாக்கியங்களில் பேசினார். 31ஆவது நிமிடத்தில், 'படிச்சு என்ன ஆவப்போவுது, நான் இருந்தாலும் இல்லேன்னாலும் ஒண்ணுதான்' என்றார். என் புரிதல்: தூக்கக் குறைவு வகுப்பில் தூங்குவதை விளக்கப் போதுமானதாகத் தோன்றுகிறது, வேறு காரணங்கள் பற்றி இன்னும் கேட்கவில்லை."

குறிப்பு நீண்டுதான் விட்டது, ஆனால் இனி இதை வைத்து வேலை செய்யலாம். முதல் வரைவில் 'காலையில்' என்று மட்டும் இருந்தது இப்போது மணிக்கணக்காகியிருக்கிறது. அந்தக் கணக்கு வெறும் நேர்த்திக்காக அல்ல. 14 வயது நிறைந்த வளரிளம் பருவத்தினரையும் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையில் அமர்த்தக் கூடாது என்று குழந்தை, வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஆகவே 4.30 என்ற எண் பின்னால் ஒரு உரையாடலைத் தொடங்க உதவும், 'காரணம் கூறினான்' உதவாது.

இனி அந்த 31ஆவது நிமிடம். முதல் வரைவில் அது 'விரக்தியாகப் பேசினான்' என்று கரைந்துபோயிருந்தது. தீர்ப்பான சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் விழும் இன்னொரு பள்ளம் இது. மென்மையாக எழுதுவதாக நினைத்து ஆபத்தையே மங்கலாக்கிவிடுகிறார்கள். 'இருந்தாலும் இல்லேன்னாலும்' என்பது வகுப்பில் இருப்பதைப் பற்றியதா, உயிரோடு இருப்பதைப் பற்றியதா என்று அந்த வாக்கியத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. பதிவில் ஆலோசகர் அதைக் கேட்கவில்லை. அப்படியானால் செய்ய வேண்டியது குறிப்பைச் செதுக்குவது அல்ல, மாணவரை அன்றே மறுபடி சந்திப்பது. சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். கேட்டபின் கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதி, யாருக்குத் தெரிவிக்கப்பட்டது, எப்போது என்பதையும் சேர்க்க வேண்டும். இதற்காகவே, முடிந்தவரை அமர்வு நடந்த அன்றே பதிவைக் கேட்டுவிடும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து இந்த வாக்கியம் காதில் விழுந்தால் பயம்தான் மிஞ்சும்.

மாணவரின் சொல்லை எப்போது மேற்கோளாகவே எழுத வேண்டும் என்பதில் ஆலோசகர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எல்லாவற்றையும் பேச்சுவழக்கில் எழுதினால் மாணவரை நையாண்டி செய்வதுபோல் ஆகிவிடும் என்பார் சிலர், அதில் நியாயம் இருக்கிறது. என் வழக்கம் இது: உயிர், உடல், துன்புறுத்தல் தொடர்பான வாக்கியங்களும், இரண்டு பொருள்பட நிற்கும் வாக்கியங்களும் சொன்னபடியே, மற்றவை என் உரைநடையில். மாணவர் பாலியல் துன்புறுத்தல் ஒன்றைச் சொன்னால் இதில் விருப்பத்துக்கு இடமே இல்லை. 'தவறாக நடந்துகொண்டாராம்' என்பது மிக மோசமான வாக்கியம், ஏனெனில் நடந்ததை மூடி, சொன்னவரைச் சந்தேகித்து, இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிடுகிறது. மாணவர் பயன்படுத்திய சொற்களையே, நாம் கேட்ட கேள்வியோடு எழுத வேண்டும். விவரம் துருவுவது நம் வேலை அல்ல. போக்சோ சட்டம், 2012, பிரிவு 19இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்கத் தவறுவது பிரிவு 21இன்படி தண்டனைக்குரியது. நம்பகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தெரிவிக்கலாம் என்ற இடைவெளியைச் சட்டம் நமக்குத் தரவில்லை.

நம் கருத்தே குறிப்பில் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தரவு, மதிப்பீடு, திட்டம் என்ற மூன்று பகுதி அமைப்பை நீங்கள் படிப்பில் பார்த்திருப்பீர்கள். அதில் நடுப்பகுதி நம் கருத்துக்குத்தான். மேலே உள்ள குறிப்பில் 'என் புரிதல்' என்று தொடங்கும் வரி அதுவே. கருத்தை எழுதும்போது அது கருத்து என்று தெரிய வேண்டும், அதன் ஆதாரம் அதே குறிப்பில் மேலே இருக்க வேண்டும், எங்கே தெரியவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். நோய்ப்பெயர்கள் எழுதுவதில்லை, அது பரிசோதித்த மருத்துவரின் சொல். 'கவனம் ஈர்க்கச் செய்கிறார்' என்பது கருத்தாகக்கூட எனக்கு ஏற்புடையதல்ல, அது நம் களைப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. சந்தேகமாக இருந்தால் நான் என்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: எனக்குப் பிடித்த மாணவர் ஒருவர் இதையே செய்திருந்தால் எந்தச் சொல்லால் எழுதியிருப்பேன்? முதல் மாணவர் 'அடம்பிடித்தார்', இரண்டாமவர் 'தம் கருத்தில் உறுதியாக இருந்தார்' என்று வந்தால் இரண்டையும் அடித்துவிட்டு, எத்தனை முறை கேட்டேன், என்ன பதில் வந்தது என்று எழுதுவேன்.

அவன், அவள் என்பதா, அவர் என்பதா? நான் 'மாணவர்', 'அவர்' என்றே எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு அது செயற்கையாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள், அதை நான் வாதத்துக்கு எடுக்க மாட்டேன். ஆனால் ஒரே குறிப்பில் ஆசிரியர் 'சொன்னார்' என்றும் மாணவர் 'சொன்னான்' என்றும் வரும்போது, வாக்குவாதத்தில் யார் பக்கம் நிற்கிறோம் என்பது விகுதியிலேயே முடிவாகிவிடுகிறது.

தனிப்பட்ட குறிப்பு என்பதால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எண்ணி எழுதாதீர்கள். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டம், பிறரிடம் காட்டாமல் நினைவுக்காக மட்டும் வைத்துக்கொள்ளும் குறிப்பைப் பள்ளிப் பதிவிலிருந்து விலக்கி வைக்கிறது. இணையத்தில் படித்துவிட்டு அதே பாதுகாப்பு இங்கும் உண்டு என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே வழக்கறிஞருக்கும் அவர் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சாட்சியச் சட்டத்தில் உள்ள பாதுகாப்பு, பள்ளி ஆலோசகருக்குத் தரப்படவில்லை. நீதிமன்றம் கேட்டால் குறிப்பு போகும். ஆகவே பெயருக்குப் பதில் ஒரு குறியீடு, குறியீட்டுப் பட்டியல் வேறு பூட்டில். மாணவர் போகிற போக்கில் சொன்ன, மற்ற மாணவர்களைப் பற்றிய செய்திகள் இவருடைய பாதுகாப்புக்கோ திட்டத்துக்கோ தேவையில்லை என்றால் வேண்டாம். அம்மாவின் ஷிஃப்ட் தேவை, அம்மாவுக்கும் அத்தைக்கும் உள்ள சண்டை தேவையில்லை. நாற்பது நிமிடப் பேச்சில் பெரும்பகுதி இப்படி வெளியே நிற்கத்தான் வேண்டும். வகுப்பாசிரியர் என்ன நடந்தது என்று கேட்டால் இந்தக் குறிப்பைக் காட்டாமல், வகுப்பில் என்ன செய்யலாம் என்ற இரண்டு வரியைத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

பதிவைப் பொறுத்தவரை, சொந்தக் கைபேசியில் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுமதி வாங்கியபோது எத்தனை நாள் வைத்திருப்பேன் என்று சொன்னீர்களோ அந்த நாளில் அழித்து, அழித்த தேதியைக் குறிப்பின் அடியில் எழுதுங்கள். ஒரே விலக்கு, துன்புறுத்தல் பற்றிய பேச்சு அதில் இருந்தால்: அது சான்றாகக்கூடியது, சட்ட ஆலோசனை இல்லாமல் தொடாதீர்கள்.

இந்த ஐந்து மாதத்தில் எழுதிய பழைய குறிப்புகளைத் திருத்த உங்களுக்குக் கை அரிக்கும். அவற்றைக் கிழித்துப் புதிதாக எழுதாதீர்கள், பின்னாளில் பார்ப்பவருக்கு அது எதையோ மறைத்ததாகத் தெரியும். பதிவு இன்னும் இருக்கிறவற்றை மட்டும் மறுபடி கேளுங்கள். பழைய வரியை, படிக்கும்படியாக விட்டு, ஒற்றைக் கோட்டால் அடித்து, அதன் கீழே இன்றைய தேதியிட்டு, 'பதிவைக் கேட்டபின் திருத்தியது' என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். கேட்கும்போது மௌனங்களுக்குப் பிறகு நீங்கள் பேசிய முதல் வாக்கியங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'மழுப்பினான்', 'பதில் சொல்லவில்லை' என்று எழுதிய இடங்களை முதலில் பாருங்கள்.